கலிலியோ கட்டுரையை எப்படித் திட்டமிடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் 'மதமும் அறிவியலும்' கட்டுரைக்கான குறிப்பைப் படித்தேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற உண்மையைக் கலிலியோ சொன்னார், திருச்சபை தண்டித்தது, ஆகவே இரண்டுக்கும் என்றைக்கும் பகை என்று முடித்திருந்தீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கும் இதையே மனப்பாடம் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த 'என்றைக்கும் பகை' என்ற கருத்துக்கு வயது அதிகமில்லை. 1874இல் அறிவியலாளர் டிரேப்பரும் 1896இல் வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டும் எழுதிய நூல்களே அதைப் பரப்பின. எந்தக் கிறிஸ்தவச் சபையையும் சாராத கார்னெல் பல்கலைக்கழகத்தை அமெரிக்காவில் தொடங்கியதற்காக ஒயிட் மதவாதிகளிடம் ஏச்சு வாங்கியவர். அந்தச் சண்டையில்தான் அவர் நூலுக்கு வித்து விழுந்தது. முதல் பத்திக்கு இது போதும்.

கட்டுரையின் உயிர் இரண்டாம் பத்தி. பெருந்துறைப் பக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பக்கத்துத் தென்னை சர்ரென்று பின்னால் ஓடும். தூரத்துச் சென்னிமலை அசையாதது போலிருக்கும். பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையானால், ஆறு மாத இடைவெளியில் அருகிலுள்ள விண்மீன்களும் இப்படிச் சற்று இடம் மாறித் தெரியவேண்டும். கலிலியோ காலத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. டைக்கோ பிராகி போன்ற தேர்ந்த வானியலாளரே பூமி நகர்கிறது என்பதை ஏற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1838இல்தான் ஜெர்மன் வானியலாளர் பெசல் அந்த இடமாறு கோணத்தை அளந்து காட்டினார். ஈரோட்டில் வைத்த பத்து ரூபாய் நாணயம் பெருந்துறையிலிருந்து எத்தனை சிறிதாகத் தெரியுமோ, கிட்டத்தட்ட அத்தனை சிறியது அது.

கலிலியோ பெரிதும் நம்பிய சான்று கடல் ஏற்றவற்றம். பூமியின் அசைவால் நீர் அலம்புகிறது என்றார். அது தவறு. கர்தினால் பெல்லார்மின் 1615இல் எழுதிய கடிதத்தில், உறுதியான நிரூபணம் இருந்தால் வேத வசனங்களுக்குப் பொருள் கொள்வதில் நாம்தான் கவனமாக இருக்கவேண்டும், ஆனால் அப்படியொரு நிரூபணத்தை எனக்கு இன்னும் யாரும் காட்டவில்லை என்கிறார். ஆக, அன்றைய வழக்கில் சான்று பற்றிய நியாயமான கேள்வியும் இருந்தது.

சரி, அதற்காகத் திருச்சபைக்கு வக்காலத்து வாங்கிவிடக் கூடாது. பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். பகை என்பதை மறுத்த வேகத்தில் 'இரண்டும் எப்போதும் நட்பு' என்று எழுதிவிடுகிறார்கள். 1633இல் நடந்த விசாரணை கலிலியோவைத் தன் கருத்தைக் கைவிட வைத்தது. 1642இல் சாகும்வரை அவர் வீட்டுக்காவலில்தான் இருந்தார். சான்று போதவில்லை என்பது மறுத்துப் பேசக் காரணமாகலாம், வாயை அடைக்கக் காரணமாகாது. மூன்றாம் பத்தியில் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அந்த ஒரு மோதலை வைத்து எல்லா மதத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் தீர்ப்பு எழுத முடியுமா என்று கேட்கட்டும்.

அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பெருந்துறை.