பற்று நோட்டின் கடைசிப் பக்கங்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு தேறி வருகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கடையை மூடுவதைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டிருந்தாய். ஒரு பக்க அறிவிப்புதான். அதற்கே நான்கு நாள் ஆயிற்று.

முதலில் எழுதியதில், "பாக்கி உள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் கட்டவும்" என்று ஒரு வரி இருந்தது. ஒட்டிய மறுநாள், இத்தனை வருஷமும் ரொக்கம் கொடுத்தே வாங்கிய ஒரு அம்மா முகம் வாடிப்போய் வந்து, "என் பேர்ல ஏதாவது நின்னுபோச்சா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்போதே தாளைக் கிழித்தேன். பற்றுக் கணக்கு எனக்கும் அவரவருக்கும் இடையில் உள்ளது, அதைச் சுவரில் ஒட்டியது என் தப்பு.

பிறகு பற்று உள்ளவர்களில் 22 பேருக்குத் தனித்தனியாகச் சீட்டு எழுதினேன். வாங்கிய தேதி, தொகை, கட்டியது, மீதி. மடித்துக் கையில் கொடுத்தேன். இரண்டு பேர் தப்பைச் சுட்டிக்காட்டினார்கள். அதில் ஒருவர் கட்டிய பணத்தை நான் வரவு வைக்கவே மறந்திருக்கிறேன். மொத்தமாக அறிவித்திருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

புது அறிவிப்பில் நான் தர வேண்டியதை முதலில் எழுதினேன். முன்பணம் கொடுத்தவர்கள், சில்லறை பாக்கி வர வேண்டியவர்கள், சாவியோ பையோ என்னிடம் விட்டுப்போனவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. தேதியும் இரண்டு போட்டேன். ஒன்று வியாபாரத்தின் கடைசி நாள், இன்னொன்று அதற்குப் பின் இரண்டு வாரம் கழித்து, கணக்கு முடிக்க. கடைசி நாள் கூட்டத்தில் நோட்டைப் பிரிக்கவே முடியாது.

மூடும் காரணத்தையும் மறைக்கவில்லை. "முழங்கால் நிற்க விடவில்லை, பிள்ளைகளுக்கு வேறு வேலை" என்று உள்ளதை எழுதினேன். சொல்லாவிட்டால் கடனில் மூழ்கிவிட்டான் என்று பேச்சு கிளம்பும். சரக்கு போடுபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாதது நான் செய்த இன்னொரு பிழை. முதல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு மூன்று பேர் ஒரே நாளில் பணம் கேட்டு வந்து நின்றார்கள். நீ மூடும்போது கடைப் பையன்களுக்கு முதலில், சரக்குக்காரர்களுக்கு அடுத்து, அதற்கப்புறம்தான் அறிவிப்பு.

நோட்டில் கடைசியாக மூன்று பெயர் நின்றது. இரண்டு பேர் உயிரோடு இல்லை. அவர்கள் வீட்டில் போய்க் கேட்க மனம் வரவில்லை, குறுக்கே கோடு போட்டுவிட்டேன். மூன்றாமவர் நேற்று வந்தார். கூட்டிப் பார்த்தால் நான்தான் அவருக்குத் தர வேண்டியிருந்தது. எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். இனி என்றைக்கு வேண்டுமானாலும் வரலாமே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்