ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்வோம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றாமலே வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்தபோது பெரிய நிம்மதி. இங்கே பாளையங்கோட்டையில் எல்லோரும் சுகம். மீனாவுக்கு இந்த மாதமும் ஆஸ்பத்திரியில் மதிய ஷிப்ட்தான். அவள் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். மாலை முழுக்கக் கதிர், ஆச்சி, நான் மூன்று பேர்தான் வீட்டில்.

யாழினிக்குப் பத்து வயது ஆகிவிட்டது, அவள் கையிலிருந்து போனை வாங்குவதற்குள் தினமும் வீடே ரணகளமாகிறது என்று எழுதியிருந்தாய். போன வருடம் பள்ளி திறக்கும் வரை எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. இப்போது வாரத்தில் ஒரு நாள் கதிர் முகத்தைத் தூக்கிக்கொள்வான், அதோடு சரி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். உனக்கு எது பொருந்துகிறதோ எடுத்துக்கொள்.

முதல் ஒரு வாரம் நான் எந்தக் கட்டுப்பாடும் போடவில்லை. ஒரு நோட்டில் குறித்து மட்டும் வைத்தேன். போன் எத்தனை மணிக்கு அவன் கைக்குப் போனது, யார் கொடுத்தது, எப்போது திரும்பி வந்தது, வாங்கும்போது என்ன நடந்தது, இவ்வளவுதான். ஏழு நாளில் ஒன்பது சண்டை. அந்த ஒன்பதில் நான்கு முறை, சண்டை போட்டதால் அவனுக்குக் கூடுதல் நேரம் கிடைத்திருந்தது. ஒரு நாள் எனக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது, "சரி, பத்து நிமிஷம்" என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை. நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கெஞ்சினால் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது என்று இருந்தால், இன்றைக்குக் கிடைக்குமா என்று பிள்ளை எல்லா நாளும் கெஞ்சித்தான் பார்க்கும். ஒருநாளும் கிடைக்காது என்று தெரிந்தால் கொஞ்ச நாளில் விட்டுவிடும். கதிரின் பிடிவாதம் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் எங்கள் வேலை. தினமும் புதிதாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவன் தினமும் மேல்முறையீடு செய்தான்.

அதனால் தினமும் முடிவெடுப்பதையே நிறுத்தினோம். போன் பற்றிய பேச்சு ஞாயிறு காலை இட்லி சாப்பிட்ட பிறகு மட்டும்தான். அங்கே அவன் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், வாதாடலாம். முடிவானதை அவன் கையாலேயே எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவான். அடுத்த ஞாயிறு வரை அதுதான். நடுவில் "இன்னும் அஞ்சு நிமிஷம்பா" என்று வந்தால் எங்கள் மூவருக்கும் ஒரே பதில்: "ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்வோம்." அவன் கேட்டதை மறக்காமல் அந்தத் தாளின் ஓரத்தில் குறித்து வைத்து, ஞாயிறன்று நாமே எடுத்துப் பேசவும் வேண்டும். அது நடக்காவிட்டால் நாம் தட்டிக்கழிக்கிறோம் என்று பிள்ளைக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது வாரமே ஒரு நியாயமான புகாரோடு வந்தான். புதன்கிழமை இன்டர்நெட் போய் இருபது நிமிஷம் வீணானது, அது தன் தப்பில்லையே என்றான். யோசித்துப் பார்த்தோம், சரிதான். அப்படி இழந்த நேரம் சனிக்கிழமையில் சேரும் என்று எழுதினோம். பேசினால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை அவனுக்கு அன்றுதான் வந்தது என்று நினைக்கிறேன்.

எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தாய். ஐந்திலிருந்து பத்து வயது வரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயதுக்கு அவர்கள் எண் எதுவும் தரவில்லை, தூக்கம், விளையாட்டு, படிப்பு எதையும் போன் தின்றுவிடக் கூடாது என்கிறார்கள். நம் பிள்ளைகள் சரியாக அந்த எல்லையில் நிற்கிறார்கள். அதனால் நான் தூக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். கதிர் காலை ஆறேகாலுக்கு எழ வேண்டும், அப்படியென்றால் ஒன்பதுக்குப் படுக்கை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரை அணைய வேண்டும், ஆகவே எட்டு மணிதான் கடைசி எல்லை. பள்ளி விட்டு வந்து ஆறு மணி வரை தெருவில் விளையாட்டு, அப்புறம் குளியல், வீட்டுப்பாடம். மீதி இருப்பது ஏழிலிருந்து ஏழு ஐம்பது. எட்டு மணிக்குத் தட்டு போட்டுவிடுவோம். ஐம்பது நிமிஷம் என்று மட்டும் சொல்லியிருந்தால் எப்போது தொடங்குவது என்பதே தனிச் சண்டையாகியிருக்கும். கடிகாரத்தில் இடம் குறித்ததும் அந்தக் கேள்வியே எழவில்லை. லீவு நாளில் இரண்டு வேளை, சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து டிவியில் பார்க்கும் சினிமா இந்தக் கணக்கில் வராது.

இதற்குப் பிறகும் முடிக்கும் நேரத்தில் சண்டை வந்தது. அதுவும் செவ்வாய், வியாழனில்தான் அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் விளையாடும் கிரிக்கெட்டில் ஐந்து ஓவர் மேட்ச் முடிய ஏறக்குறைய பதினெட்டு நிமிஷம் ஆகிறது. ஏழுக்குத் தொடங்கி இரண்டு மேட்ச் முடித்தால் மணி ஏழு முப்பத்தாறு. மூன்றாவதைத் தொடங்கினால் ஏழு ஐம்பதுக்கு அவன் நான்கு பந்தில் ஏழு ரன் அடிக்க வேண்டிய இடத்தில் நிற்பான். அந்த இடத்தில் போனைப் பிடுங்கினால் நீயும் நானும்கூடக் கத்துவோம். செவ்வாயும் வியாழனும் அவனுக்கு வீட்டுப்பாடம் குறைவு, ஏழு அடித்ததும் மேட்ச்சில் உட்கார்ந்துவிடுவான், மூன்றாவது மேட்ச் வரை போவான். ஆகவே அடுத்த ஞாயிறு ஒரு வரி சேர்த்தோம்: ஏழரைக்குப் பிறகு புது ஐந்து ஓவர் மேட்ச் கிடையாது, இரண்டு ஓவர் ஆடலாம் அல்லது வீடியோ பார்க்கலாம். அந்த ஒரு வரி, அதற்கு முன்பு நான் கொடுத்துக்கொண்டிருந்த எச்சரிக்கைகள் எல்லாவற்றையும்விட உதவியது.

எச்சரிக்கை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2016-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். "இன்னும் இரண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே சொன்னபோது பிள்ளைகள் இன்னும் அதிகமாக முரண்டு பிடித்தார்களாம். நிகழ்ச்சி தானாக முடிந்தபோதும், தினப்படி வழக்கத்தின் ஒரு பகுதியாக இருந்தபோதும் எளிதாக எழுந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பெரியவர்கள், ஆனாலும் இங்கே நான் கண்டதும் அதுவேதான்.

யாழினிக்கு விளையாட்டைவிடக் குட்டி வீடியோக்கள்தான் அதிகம் என்றாய். அதில் முடிவு என்ற ஒன்றே கிடையாது, தள்ளத் தள்ள வரும். மேட்ச்சுக்காவது கடைசிப் பந்து உண்டு. அதனால் உன் வீட்டில் நேரத்தைவிட எண்ணிக்கை எடுபடலாம். அவளையே முதலில் இரண்டு மூன்று நீள வீடியோக்களைத் தேர்ந்தெடுக்கச் சொல், YouTube-இல் Autoplay-ஐ அணைத்துவிடு. கடைசி வீடியோ முடிந்ததும் திரை சும்மா நிற்கும்.

போன் யாருடையது என்பதும் முக்கியம். எங்கள் வீட்டில் என் போன்தான். பள்ளி வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறது, "ஹோம்வொர்க் பார்க்கணும்" என்று வாங்குபவன் அரை மணி கழித்து வேறு எங்கோ இருப்பான். இப்போது ஆறு மணிக்கு நானே பார்த்து அவன் டைரியில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படம் பார்த்து எழுத வேண்டியிருந்தால் ஆண்ட்ராய்டில் App pinning என்று ஒன்று இருக்கிறது, செட்டிங்ஸில் தேடினால் கிடைக்கும். அந்த ஒரு செயலியை மட்டும் திரையில் பூட்டி வைக்கும், வெளியே வர நம் பின் நம்பர் கேட்கும்படி செய்துகொள்ளலாம்.

யாழினிக்குப் பழைய போனைத் தனியாகக் கொடுத்திருப்பதால், பிள்ளையின் போன் நேரத்தை நம் போனிலிருந்தே கட்டுப்படுத்தும் Google-இன் Family Link செயலி உனக்குச் சரிப்படும். இரண்டு விஷயம் மட்டும் கவனி. அதில் Daily limit ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. போனில் ஒரு மணி நேரம், டேப்லெட்டில் இன்னொரு மணி நேரம் என்று போகும். டிவியில் பார்ப்பது அந்தக் கணக்கிலேயே வராது. அப்புறம், பூட்டும் நேரம் வந்தால் ஆட்டம் எந்த இடத்தில் இருந்தாலும் பூட்டிவிடும். நீங்கள் பேசி முடிவு செய்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் தள்ளியே அதை வை. அவள் தானாக முடிக்க வேண்டும், பூட்டு பின்னால் காவலுக்கு இருந்தால் போதும்.

தொடக்கத்தில் ஒரு பத்து நாள் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். இதுவரை பலித்துக்கொண்டிருந்த ஒன்று பலிக்காமல் போனால் பிள்ளை முதலில் இன்னும் ஓங்கித்தான் கேட்கும். நான்காம் நாள் கதிர் சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பச்சப்புள்ளய்யா, குடுத்துருய்யா" என்றார்கள். அன்றைக்குக் கொடுத்திருந்தால், இந்த அளவுக்கு அழுதால் கிடைக்கும் என்று அவனுக்குப் பாடம் ஆகியிருக்கும். நான் எதுவும் உபதேசம் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டே முக்காலுக்கு எழுந்து இரண்டு தோசை சாப்பிட்டான். ஒன்பதாம் நாள் ஏழு ஐம்பதுக்கு அவனே போனைச் சார்ஜரில் மாட்டிவிட்டு வந்தான். இரண்டு மூன்று வாரம் கழித்தும் உன் வீட்டில் சத்தம் குறையவில்லை என்றால் மறுபடி நோட்டைப் பார். யாரோ நடுவில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் முடிக்கும் இடம் தப்பாக இருக்கும். போன் கையில் இல்லாத நேரத்திலும் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, விளையாடக் கூப்பிட்டாலும் வராமல் இருந்தால் மட்டும் குழந்தை டாக்டரிடம் காட்டு.

ஆச்சியிடம் நான் சட்டம் பேசவில்லை. அவர்கள் கொடுத்ததற்குக் காரணம், மாலையில் பேரனோடு இருக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்பதுதான். இப்போது எட்டு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் பல்லாங்குழியும் கதையும் ஆச்சியோடுதான். பரணிலிருந்த பலகையைத் துடைத்து எடுத்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

மார்க் குறைந்தால் போன் கிடையாது என்று மீனா ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவன் பேச்செல்லாம் போன்தான். பிறகு அவளே அதை விட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு யாழினியை அழைத்து வருவதாக எழுதியிருக்கிறாய். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு போனில் விளையாடினால் அது யார் கணக்கு என்று எங்கள் தாளில் இன்னும் இல்லை. இந்த ஞாயிறு கதிரிடம் பேசுகிறேன். யாழினியிடமும் கேட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
பாலு