தாத்தாவின் பாஸ்புக்கை அச்சிட்டுக் கொடுங்கள்: ஒரு வங்கிக் கிளை மேலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிளையின் பாஸ்புக் இயந்திரம் கோடையிலிருந்து ஓடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். கவுன்டரில் கேட்டால், "ஆன்லைன்ல பாத்துக்கோங்க பெரியவரே" என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தபோது என்ன தெரியவந்தது என்பதை எழுதுகிறேன்.

என் தாத்தா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 74. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கணக்கில் மட்டும் அவரை அசைக்க முடியாது. நடை முடிந்ததும் டிக்கெட் எண்ணையும் பையில் இருக்கும் காசையும் வே பில்லோடு சரிபார்த்துப் பழகிய கை அது.

சென்ற மாதம் அவருடைய முதல் ஆன்லைன் ஸ்டேட்மென்ட்டை என் போனில் திறந்து கொடுத்தேன். ஒரு தாளை எடுத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகக் கழித்துப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. "பாப்பா, இது தப்பான கணக்கு" என்றார். "புதிய வரி மேலேயும் பழைய வரி கீழேயும் இருக்கும், தாத்தா, கீழேயிருந்து வாங்க" என்றேன். சரி என்று மறுபடி தொடங்கினார். இந்த முறை எல்லா வரியும் சேர்ந்தது.

இருப்பு 1,965.70 ரூபாய். அதில் `SMS CHGS` என்று 17.70 போயிருந்தது. மீதி 1,948. அடுத்து `DCARD AMC` என்று 236. மீதி 1,712. அதற்கு மேலே வெறும் `CHGS` என்று 590. எதற்கு என்று ஒரு சொல்கூட இல்லை.

"இது யாருக்குப் போச்சு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வங்கிக் கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்பதால், தொகையை 1.18 ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 17.70 என்பது 15 ஆனது, 236 என்பது 200, 590 என்பது 500. இப்படி முழு எண்ணாக வந்தால் அது பெரும்பாலும் வங்கியே எடுத்த கட்டணம்தான். ஆனாலும் எதற்காக எடுத்தார்கள் என்பது தெரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் தாத்தாதான். வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜின் தவணை 1,850 ரூபாய். ஓய்வூதியம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு அது தானாகப் பிடிக்கப்படும். அதைக் கணக்கிட்டுத்தான் அவர் பணத்தை விட்டுவைத்திருந்தார். டெபிட் அட்டையின் ஆண்டுக் கட்டணமாக 236 எடுக்காமல் இருந்திருந்தால் 1,948 இருந்திருக்கும், தவணை போயிருக்கும். எடுத்ததால் தவணை திரும்பியது. திரும்பியதற்கு நீங்கள் 590 எடுத்தீர்கள். கடன் கொடுத்தவரும் தன் பங்குக்கு அபராதம் போட்டார். அந்த அட்டையோ நீங்கள் அனுப்பிய உறையிலிருந்து இன்னும் வெளியே வரவே இல்லை.

பாஸ்புக்கில் அந்த 236 அன்றே பதிந்திருந்தால், 138 ரூபாய் குறைகிறது என்று பார்த்துக் கொண்டுபோய்ப் போட்டிருப்பார். அதனால்தான் கேட்கிறேன்: பாஸ்புக்கை அச்சிட்டுக் கொடுங்கள்.

இது நான் கேட்கும் சலுகை இல்லை. தனிநபர் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் பாஸ்புக் தர வேண்டும், அதற்குக் கட்டணம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2006-லேயே சொல்லிவிட்டது. கட்டணம் எடுத்தால் அது என்ன வகை, என்ன காரணம் என்பதைப் பாஸ்புக்கிலும் ஸ்டேட்மென்ட்டிலும் சுருக்கமாகக் குறிக்க வேண்டும் என்று 2017-ல் சுற்றறிக்கையே அனுப்பியது. வெறும் `CHGS` என்பதில் அந்தக் காரணம் எங்கே இருக்கிறது?

காப்பீடு எடுக்கச் சொல்லி உங்கள் ஊழியர்கள் தாத்தாவை உட்காரவைத்து அரைமணி நேரம் தமிழில் பொறுமையாக விளக்குகிறார்கள். அவருடைய பணத்தை எடுத்ததற்கு ஒரு வரி விளக்கம் தருவதற்கு மட்டும் ஆள் இல்லை. இது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. நான் ஊரில் இருந்ததால் அவர் இதைப் படித்தார். பேரன் பேத்தி வெளியூரில் இருக்கும் ஓய்வூதியர்கள் உங்கள் கிளையில் எத்தனையோ பேர். அவர்களுக்கு யார் திறந்து காட்டுவார்கள்?

தயவுசெய்து இயந்திரத்தைச் சரிசெய்யுங்கள். அதுவரை கவுன்டரிலேயே பாஸ்புக்கை அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் எடுக்கும் ஒவ்வொரு வரியிலும் காரணம் இருக்கட்டும், தமிழிலும் இருந்தால் இன்னும் நல்லது. தாத்தாவின் 590 ரூபாயைத் திருப்பித் தருவது பற்றியும் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வரும் திங்கட்கிழமை பாஸ்புக்கோடு அவரே வருவார், அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் பேத்தி