31 ஸ்டிக்கரும் ஒரு கொக்கும்

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கணினி அறையின் 20 கீபோர்டுகளுக்கும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுவதென்று சென்ற கூட்டத்தில் பேசி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று வெளியூர் போயிருந்தேன், இல்லையென்றால் அங்கேயே எழுந்து சொல்லியிருப்பேன். நான் டி.டி.பி. வேலை பார்ப்பவன். சனிக்கிழமைகளில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த அறையில் தமிழ்99 என்ற தட்டச்சு முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். யாரோ எப்போதோ ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதில் நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதல் வாரம் அந்தக் கீபோர்டுக்குப் போட்டி. வேண்டிய எழுத்து கண்ணெதிரே இருக்கிறதே! அதைப் பிடித்த பெண்ணிடம் 'கொக்கு' என்று அடிக்கச் சொன்னேன். விரலை நீட்டி வரிசை வரிசையாகத் தேடினாள். ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். "சார், கொம்பைக் காணோம்" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. கையால் எழுதும்போது 'கொ'வுக்கு முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். ஸ்டிக்கரில் கொம்பும் கிடையாது, காலும் கிடையாது. தமிழ்99-இல் 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், ஆக 31 விசைதான். க-வை அடித்து ஒ-வை அடித்தால் 'கொ' வந்துவிடும். க-வை இரண்டு தடவை அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். 'கொக்கு'வுக்கு ஐந்தே தட்டு:

```
கொக்கு   H C H H D
தம்பி    L K J S
```

'தம்பி'யில் புள்ளிக்கென்று தனித் தட்டே இல்லை. ம-வுக்குப் பின்னால் ப வந்தால் இடையில் புள்ளி வைக்க வேண்டுமென்று மென்பொருளுக்குத் தெரியும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ன-ற ஜோடிகளுக்கும் இதே கதைதான். எழுத்து எங்கே இருக்கிறது என்பதோடு எழுத்துகள் எப்படிச் சேருகின்றன என்பதையும் பிள்ளை படித்தாக வேண்டும். ஸ்டிக்கர் சொல்வது முதலாவதை மட்டும். அந்தப் பெண்ணுக்கு "எழுத்தைச் சொல்லிப் பார்த்து அடி, எழுதிப் பார்த்து அடிக்காதே" என்றேன். க், ஒ, க், கு என்று வாய்க்குள் முணுமுணுத்தாள், வந்துவிட்டது. அதற்கு ஸ்டிக்கர் தேவைப்படவில்லை.

சரி, இடத்தையாவது கற்றுக்கொடுக்கிறதா? அதற்கும் அரைகுறையாகத்தான் ஆமாம் சொல்ல முடியும். தமிழ்99 கண்டபடி அடுக்கியதில்லை. உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் எல்லாம் வலது கைக்கு. வ, ங இரண்டு மட்டும்தான் கட்சி மாறி இடப்பக்கம் V, B-யில் உட்கார்ந்திருக்கின்றன. A, S, D-யில் அ, இ, உ. நேர்மேலே Q, W, E-யில் ஆ, ஈ, ஊ. குறிலுக்கு மேல் நெடில், இதை ஒரு தடவை சொன்னால் ஆறு விசை முடிந்தது. வலது கையில் H முதல் க, ப, ம, த, ந, ய என்று அதிகம் புழங்கும் எழுத்துகள் நடுவரிசையிலேயே கிடைக்கின்றன. ஒரே நிறத்தில் 31 எழுத்தை அச்சடித்து ஒட்டும்போது இந்த ஒழுங்கு கண்ணில் படாது. பிள்ளைக்கு அது 31 தனித்தனி விலாசம். ஒவ்வொரு தடவையும் விலாசம் பார்த்தே போகிறவர் வழியை எப்போது மனதில் வைப்பார்?

நான்காவது சனிக்கிழமை ஒரு வேலை செய்தேன். கீபோர்டு கண்ணில் படாதபடி ஒவ்வொருவர் கைக்கும் மேலே ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு அது, இது, மதி, பந்து, பக்கம் என்று நடுவரிசைச் சொற்களாகச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் தடுமாறியாவது முடித்தார்கள். ஸ்டிக்கர் கீபோர்டிலேயே பழகிய இருவர் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். இருவரை வைத்து இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மாதமாக அவர்கள் தலை திரைக்கும் கீபோர்டுக்கும் ஆடிக்கொண்டே இருந்ததைப் பார்த்தவன் நான். குனிந்தே அடிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு, பிழை தெரியாது. 'ததும்பு' அடிக்கும்போது த-வை இரண்டு தடவை அடித்தால் 'த்தும்பு' ஆகிவிடும். முதல் த-வுக்குப் பின் அ-வைத் தட்டினால்தான் புள்ளி விழாது. திரையைப் பார்ப்பவர் உடனே பிடித்துவிடுவார். குனிந்திருப்பவர் பக்கம் முழுவதும் முடித்த பிறகு முழிப்பார்.

இதைவிட எனக்கு எரிச்சலானது ஒரு சின்ன விஷயம். F, J விசைகளின் கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், ஒரு சிறு மேடு இருக்கும். பார்க்காமலே ஆள்காட்டி விரல்கள் வீடு திரும்ப அதுதான் அடையாளம். தமிழ்99-இல் F ஆய்தத்துக்கும் புள்ளிக்குமான விசை, J ப. அந்தக் கீபோர்டில் தடித்த ஸ்டிக்கர் இரண்டு மேட்டையும் மூடிவிட்டது. பார்க்காமல் அடிக்க இருந்த ஒரே பிடியையும் பார்த்து அடிக்க ஒட்டியதே பிடுங்கிக்கொண்டது.

அப்புறம், எந்த அமைப்புக்கான ஸ்டிக்கர் வாங்கப் போகிறீர்கள்? 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 ஒன்று, இன்ஸ்கிரிப்ட் இன்னொன்று, பழைய தட்டச்சு மூன்றாவது. கடைக்காரரிடம் "தமிழ் ஸ்டிக்கர்" என்று மட்டும் கேட்டால் மூன்றில் எதுவும் வரலாம். விண்டோஸில் 'Tamil' என்று மட்டும் இருப்பது இன்ஸ்கிரிப்ட், 'Tamil 99' தனியாக இருக்கும். H-ஐ அடித்துப் பாருங்கள். க வந்தால் தமிழ்99, ப வந்தால் இன்ஸ்கிரிப்ட். மாற்றி ஒட்டிவிட்டால் உடனே தெரியும் என்று நம்பாதீர்கள். L-இல் இரண்டிலுமே த, N-இல் இரண்டிலுமே ல. சோதித்துப் பார்ப்பவர் விரல் அங்கே பட்டுவிட்டால் "சரியாத்தான் இருக்கு" என்று போய்விடுவார்.

ஸ்டிக்கரே வீண் என்று சொல்லவில்லை. மாதம் ஒருமுறை நாலு வரி விண்ணப்பம் அடிப்பவருக்கு அது போதும், அவர் பழகவே வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு நான் கேட்பது வேறு. ஒவ்வொரு திரையின் கீழ்விளிம்பிலும் A4 தாளில் பாதி அளவுக்கு ஒரு படம், உயிர் ஒரு நிறம், மெய் இன்னொரு நிறம். மறந்தால் கண்ணைத் தாழ்த்தினால் போதும், தலை குனிய வேண்டாம், கை தெரியாது. அதையும் ஒரு மாதத்தில் கழற்றிவிடலாம். ஒட்டியே ஆகவேண்டும் என்றால் ஓரத்தில் இருக்கும் ந, ய, ச, ஞ, ழ ஐந்துக்கு மட்டும் ஒட்டுங்கள். அங்கே ஆங்கில எழுத்துக்குப் பதில் அரைப்புள்ளி, அடைப்புக்குறி என்று குறிகள் இருப்பதால் "L-இல் த" என்பதுபோல் சொல்லி நினைவில் வைக்க வழியில்லை. பிள்ளைகள் கடைசிவரை தடுமாறுவதும் அங்கேதான்.

ஆர்டர் இன்னும் போகவில்லை என்று செயலாளர் சொன்னார். போவதற்குள் ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள், அட்டையை நீங்களே பிடித்துப் பார்க்கலாம். அந்தப் பழைய ஸ்டிக்கர் கீபோர்டை அலுவலக மேசைக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். உரிக்கப் பார்த்தேன், ழ மட்டும் வந்தது, பசை அப்படியே நிற்கிறது.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தந்தை