மொட்டை மாடியை முதலில் பாருங்கள்: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர், மன்ற உறுப்பினர்கள், பொறியியல் பிரிவு அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதிய வணிக வளாகத்தின் முகப்பு முழுக்க சோலார் கண்ணாடி பதிப்பது என்று போன கூட்டத்தில் தீர்மானம் வந்தது. நூலகத்துக்குச் சாதாரண ஓட்டுக்குப் பதிலாகச் சோலார் ஓடு போட்ட கதையும் உங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான். வளாகத்தின் மொட்டை மாடியில் முதலில் சாதாரண பேனல் போடுங்கள். அது போதாவிட்டால் அப்புறம் சுவருக்கு வரலாம்.

நான் இருபது வருஷமாக நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். ஷெட் கூரையில் இருக்கும் பேனல்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். அதனால்தான் நூலகக் கூரையை அடிக்கடி அண்ணாந்து பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அந்தக் கூரையில் இருப்பது 5 கிலோவாட். நாங்கள் ஆலையில் மாட்டும் 540 வாட் பேனல் என்றால் பத்தே பத்தில் முடிந்திருக்கும். ஓடு ஒன்று 60 வாட்தான் என்பதால் அங்கே 84 ஓடுகள். விலை பேனலைப் போல இரண்டரை மடங்கு. பேனல் என்றால் முதல் வருஷம் 7,000 யூனிட்டுக்கு மேல் வந்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் காட்டியது 6,100. காரணம் ஒளிந்துகொண்டில்லை. பாதி ஓடுகள் வடக்குச் சரிவில் இருக்கின்றன. ஓட்டுக்கு அடியில் காற்றுப் போக வழியும் இல்லை. மே மாத மதியம் ஓட்டின் அடிப்பக்கம் 72 டிகிரி இருந்தது. அதே நேரம் எங்கள் ஆலையில், ஸ்டாண்டு மேல் நிற்கும் பேனலுக்கு அடியில் 58. சிலிக்கான் செல் ஒரு டிகிரி கூடினால் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மின்சாரத்தை இழக்கும். அந்தச் சூட்டிலேயே ஐந்து சதவீதம் போய்விட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன ஐப்பசியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. 42 ஓடுகளை ஒரே சீரியஸில் கோத்திருக்கிறார்கள். ஓடுகளுக்கு நடுவே இருக்கும் கனெக்டர்களில் ஒன்று கருகியது. இன்வெர்ட்டர் திரையில் ஒரு வரிசையின் வோல்ட்டேஜ் சைபர். 42 ஓடுகளும் மொத்தமாகப் படுத்துவிட்டன. பேனலாக இருந்தால் அடியில் குனிந்து, கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தால் அரை மணி நேர வேலை. இங்கே கனெக்டர் ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. வந்த ஆள் ஓடுகளை நெம்பி எடுத்ததில் ஏழு ஓடுகள் விரிசல் விட்டன. அதே அளவு ஓடு இப்போது தயாரிப்பில் இல்லையாம். வேறு கம்பெனி ஓடு அந்தக் கொக்கியில் உட்காராது. ஏழு ஓட்டின் மேலும் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்துவிட்டுப் போனார்கள். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மழை வந்தால் வாசிப்பு அறையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நகர்கிறார்கள். அங்கே இருக்கும் அக்கா என்னிடம் சொன்னது இது: “பக்கெட்டை எடுத்தா புக்கு நனையுது, புக்கு அலமாரியை நகர்த்துனா பசங்க உக்கார எடமில்லீங்கண்ணா.” கரண்ட்டுக்காகக் கூரையை மாற்றினோம். இன்று கரண்ட்டும் பாதி, கூரையும் பாதி. மூன்று மனு கொடுத்தும் பதில் இல்லை.

இப்போது வளாகத்துக்கு வருவோம். உங்கள் மதிப்பீட்டுப்படி மேற்கு, தெற்கு முகப்பில் 200 சதுர மீட்டர் சோலார் கண்ணாடி. உள்ளே வெளிச்சம் வர வேண்டும் என்பதால் அது பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி. சதுர மீட்டருக்கு 80 வாட், மொத்தம் 16 கிலோவாட். செலவு 32 லட்சம். நியாயமாகக் கணக்குப் போட்டால் சாதாரண லேமினேட் கண்ணாடி போட்டாலும் 14 லட்சம் ஆகும், அதைக் கழிக்க வேண்டும். ஆக, மின்சாரத்துக்காக நாம் கூடுதலாகக் கொடுப்பது 18 லட்சம்.

அதற்கு எவ்வளவு வரும்? நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதற்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. வெயில் தலைக்கு மேலே அடிக்கும் ஊர். சித்திரை தொடங்கி ஆவணி பிறக்கும் வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த நாலு மாதமும் தெற்குச் சுவரில் நேர் வெயில் படவே படாது. மேற்குச் சுவருக்கு மதியத்துக்கு மேல்தான் வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் திரள்வதும் அதே நேரத்தில்தான். போன வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த இடத்தில் போய் நின்றேன். எதிர்வரிசை ஜவுளிக்கடையின் நிழல் ஏற்கெனவே முதல் தளத்துக்கு ஏறியிருந்தது.

செங்குத்துச் சுவரில் கிலோவாட்டுக்கு வருஷம் 700 யூனிட் என்பதே தாராளம். மொத்தம் 11,200 யூனிட். அதே 16 கிலோவாட்டை மொட்டை மாடியில் லேசாகத் தெற்கே சாய்த்துப் போட்டால் கிலோவாட்டுக்கு 1,450 வீதம் 23,200 யூனிட். 30 பேனல், நடக்க இடம் விட்டு 130 சதுர மீட்டர், செலவு சுமார் 8 லட்சம். யூனிட் 9 ரூபாய் என்றால் மாடியில் போட்ட பணம் நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடும். முகப்பில் போட்டது திரும்ப 18 வருஷம் ஆகும். அதற்குள் இன்வெர்ட்டரை ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். ஒரு கண்ணாடி உடைந்தால் அதே அளவில் சொல்லிச் செய்ய வேண்டும்.

வெளிநாட்டில் செய்திருக்கிறார்களே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். செய்திருக்கிறார்கள். கோபன்ஹேகனில் ஒரு சர்வதேசப் பள்ளியின் சுவரில் 12,000 சோலார் கண்ணாடிகள் இருக்கின்றன. அந்த ஊர் 55 டிகிரிக்கு மேலே இருக்கிறது. அங்கே சூரியன் வருஷம் முழுக்க நம் ஊரைவிடத் தாழ்வாக வரும், சுவரில் நன்றாக அடிக்கும். நமக்கு அந்த வெயில் இல்லை. சோலார் கண்ணாடி எங்குமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வளாக வாசலில் பேருந்துக்குக் காத்திருப்போருக்காக நிழற்கூரை வரைந்திருக்கிறீர்களே, அதில் போடுங்கள். வானத்தைப் பார்த்து இருக்கும், ஓரளவு வெளிச்சமும் வரும், ஒயரைக் கீழே நின்றே பார்க்கலாம்.

வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. இந்த ஊரில் திறப்பு விழா வரைக்கும்தான் எல்லாம் நன்றாக இருக்கிறது. உயர்கோபுர விளக்கு, குடிநீர் இயந்திரம், பூங்கா நீரூற்று எல்லாமே அப்படித்தான். பராமரிக்க ஆள் வைக்காமலே அடுத்ததற்கு டெண்டர் போகிறது. அது எங்கள் வரிப்பணம்.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதைத் திரும்பவும் சொல்கிறேன். டெண்டர் போகும் முன் மாடி, முகப்பு இரண்டுக்கும் ஒரு வருஷத்து யூனிட் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி மன்றத்தில் வையுங்கள். மாடிக்கு முதலிடம் கொடுங்கள். மிஞ்சும் 10 லட்சத்தில் நூலகத்துக்கு நல்ல மங்களூர் ஓடு வேய்ந்து, அதன் மேல் நாலு விரற்கடை இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து, தெற்குச் சரிவில் பத்து பேனல் மாட்டிவிடலாம். கையளவு வேலை எதுவானாலும் நான் கூலி வாங்காமல் வந்து செய்கிறேன்.

அடுத்த மழைக்கு முன்னால் அந்த மூன்று பக்கெட்டையும் எடுக்க வழி செய்யுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
நூலகத் தெருவில் குடியிருக்கும் ஒரு நூற்பாலை எலக்ட்ரீஷியன்