கடைசி மூன்று விநாடி: பிறந்தநாள் வாழ்த்து வீடியோ பற்றிய புகார்

நிர்வாகி அவர்களுக்கு,

ஐயா,

ரொறன்ரோவில் இருக்கும் என் சிநேகிதியின் 50ஆவது பிறந்தநாளுக்காக உங்கள் கிளிநொச்சிக் கடையில் 12,000 ரூபா கொடுத்து ஒரு வாழ்த்து வீடியோ செய்வித்தேன். விசுவமடு, முள்ளியவளை, மாங்குளம், வவுனியா என்று அவளுடைய சொந்தக்காரர் இருக்கும் இடமெல்லாம் கேட்டு, பதினொரு கிளிப் சேர்த்துத் தந்தது நான்தான். நீங்கள் சொன்ன நாளில் வீடியோவைத் தந்தீர்கள், அதில் குறை இல்லை. நானும் உங்களை நம்பி, தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

பிறந்தநாளன்று அதைப் பெரிய டிவியில் எல்லோருமாகப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் அவள் போன் எடுத்துக் கேட்ட முதல் கேள்வி: "அம்மா கடைசியில என்ன சொன்னவா?"

அவளுடைய அம்மாவின் கிளிப்பை எடுத்தது நான். 81 வயது. நெடுநேரம் பேசச் சொன்னால் களைத்துப் போவா என்று, பின்னேரம் விறாந்தையில் ஒரு பல்ப் வெளிச்சத்தில், ஒரே தடவையில் 80 விநாடி எடுத்தேன். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும் என்பதால், டொக்கியுமென்ராக இணைத்தே உங்களுக்கு அனுப்பினேன். அந்தக் கிளிப்பின் முடிவில் அம்மா சொல்வது: "மாமரம் இந்தமுறை நல்லாக் காய்ச்சிருக்கு. ஒருக்கா வந்திட்டுப் போ பிள்ளை." உங்கள் வீடியோவில் "காய்ச்சிருக்கு" என்பதோடு அம்மா மறைந்து அடுத்தவர் வந்துவிடுகிறார். "வந்திட்டுப் போ" என்பது அதில் இல்லவே இல்லை.

உங்களிடம் கேட்டபோது, "போனில் எடுத்ததில்தான் பிழை" என்றார் அங்கிருந்த தம்பி. அதை ஏற்க முடியாது. என் போனில் அதே கிளிப் வாயும் சத்தமும் சரியாகப் பொருந்தி, கடைசிவரை ஓடுகிறது. திருமண வீடியோ எடிற் பண்ணும் என் பெறாமகனிடம் உங்கள் வீடியோவைக் காட்டினேன். அதில் அம்மாவின் வாயசைவும் சத்தமும் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகப் பிசகுவதைப் பார்த்ததுமே அவனுக்குக் காரணம் விளங்கிவிட்டது. மூலக் கிளிப்பின் கோப்பு விபரத்தைத் திறந்து `Frame rate mode: Variable` என்ற வரியைக் காட்டினான்.

அவன் விளக்கியது இதுதான். போன் கமரா விநாடிக்கு 30 படம் எடுக்கவேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். அம்மாவின் கிளிப்பில் 80 விநாடிக்கு 2,400 படம் இருக்கவேண்டும், இருந்தது 2,300. எந்தப் படத்தை எந்த நேரத்தில் காட்டவேண்டும் என்ற குறிப்பு கோப்பிலேயே இருப்பதால் போன் அதைச் சரியாக ஓட்டுகிறது. நீங்கள் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, எல்லாப் படத்தையும் விநாடிக்கு 30 என்று அடுக்கியிருக்கிறீர்கள். 2,300ஐ 30ஆல் வகுத்தால் 76.7. படம் 76.7 விநாடியில் முடிந்துவிட, சத்தம் இன்னும் மூன்று விநாடிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. படம் முடிந்த இடத்தில் சத்தத்தையும் வெட்டிவிட்டீர்கள். அம்மா கூப்பிட்டது அந்த மூன்று விநாடியில்தான்.

எடிற் பண்ணத் தொடங்குமுன் கிளிப்பை ஒரே சீரான வேகத்துக்கு மாற்றியிருந்தால் இது நடந்திராது. அவன் என் முன்னாலேயே ஒரு வரியில் மாற்றிக் காட்டினான்:

```
ffmpeg -i amma.mp4 -fps_mode cfr -r 30 -c:a copy amma_30.mp4
```

மாற்றிய கோப்பில் கடைசிச் சொல்வரை வாயசைவு பொருந்துகிறது. அதையும் இத்துடன் அனுப்புகிறேன்.

இன்னொன்று முள்ளியவளை மாமாவின் கிளிப். அவர் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவர். நீங்கள் அதைத் திரையின் முழு அகலத்துக்கும் பெருப்பித்ததால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தெரியவில்லை. மாமா நின்றது அவள் சின்ன வயதில் தண்ணீர் அள்ளிய கிணற்றடியில். அவள் பார்க்கவேண்டும் என்றே அங்கே போய் நின்று எடுத்தார். வீடியோவில் தெரிவது அவருடைய முகமும் சேட்டுக் கொலரும்தான். படத்தை நடுவில் முழுதாக வைத்து, இரு பக்கமும் அதே படத்தை மங்கலாக விட்டிருக்கலாம்.

மற்ற ஒன்பது கிளிப்பிலும் எனக்கு முறைப்பாடு இல்லை. அவை பகல் வெளிச்சத்தில் எடுத்தவை, சரியாகவே வந்திருக்கின்றன.

நான் கேட்பது இந்த இரண்டு கிளிப்பையும் திருத்தி, முழு வீடியோவையும் மேலதிகக் கட்டணம் இல்லாமல் ஒரு கிழமைக்குள் தரவேண்டும் என்பது. முடியாவிட்டால் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தாருங்கள், வேறு இடத்தில் செய்விக்கிறேன். அதுவரை நாங்கள் அனுப்பிய மூலக் கிளிப்புகளில் ஒன்றையும் அழிக்கவேண்டாம். மாமாவின் போன் அதற்குப் பிறகு பழுதாகிவிட்டது. கிணற்றடிக் கிளிப் இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தருமபுரம்.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, அம்மாவின் கிளிப் (மூலமும் திருத்தியதும்)