எத்தனையாவது இடம் என்று கேட்காதே

அன்பு மகளுக்கு,

பித்தப்பை அறுவை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் போன மாதம் 31ஆவது இடம், இந்த மாதம் 34 என்று சொன்னதாகப் போனில் அழுதாய். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை. யாரோ உன்னை ஏமாற்றிவிட்டதாக மட்டும் நினைக்காதே. என் குடலிறக்கத்துக்குக் காத்திருந்தபோது நானும் இப்படிப் பின்னுக்குப் போனேன்.

அது பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை இல்லையம்மா. முதலில் பார்ப்பது அவசரத்தை; பதிவுத் தேதி அதற்கு அடுத்துத்தான். உனக்குப் பின்னால் பதிந்தவருக்குப் புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அவர் உன்னைத் தாண்டிப் போவார், போகவும் வேண்டும்.

அதனால் எண்ணைக் கேட்காதே. அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுக்கும் பிரிவை அழைத்து, என் அவசரத்தை எந்த வகையில் வைத்திருக்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுகிறீர்கள் என்று கேள். பிறகு, "என் கோப்பு தயாராக இருக்கிறதா, ஏதாவது பாக்கியா?" என்று கேள். எனக்குக் கதவைத் திறந்தது இந்தக் கடைசிக் கேள்விதான்.

நான்கு மாதம் நான் எண்ணை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இதைக் கேட்டதும் அங்கிருந்த பெண் கோப்பைத் திறந்து பார்த்து, "மயக்க மருந்துக்கான தகுதிச் சான்று வரவில்லையே, ஐயா" என்றார். சர்க்கரை கூடுதலாக இருந்ததால் பொது மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். வாங்கிவிட்டேன், அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது! இடம் காலியான போதெல்லாம், தயாராக இல்லாதவர் என்று என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரத்துக்குள் அழைப்பு வந்தது. அந்தச் சான்றுக்கும் பரிசோதனைகளுக்கும் காலாவதி உண்டு. உன்னுடையவை எதுவரை செல்லும் என்றும் கேட்டுக்கொள்.

முந்தைய நாள் யாருக்காவது காய்ச்சல் வந்து அறுவை சிகிச்சை ரத்தானால், உடனே வரக்கூடியவரைத்தான் தேடுவார்கள். ஒரு நாள் முன்னால் சொன்னாலும் வருவேன் என்று பதிந்து வைக்கச் சொல். உன் எண்ணோடு மாப்பிள்ளையின் எண்ணையும் கொடு. நீ போனை எடுக்காவிட்டால் அடுத்தவரை அழைத்துவிடுவார்கள்.

வலி அடிக்கடி வருகிறது என்றாயே, அதைத் தேதி கொடுக்கும் பிரிவில் சொல்லிப் பயனில்லை. அவசர வகையை மாற்றுவது மருத்துவர்தான். எந்தத் தேதியில் வந்தது, எத்தனை மணி நேரம் நீடித்தது, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடு. "ரொம்ப வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் எதை வைத்து மாற்றுவார்?

வலியோடு காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கருத்தால், வலி பல மணி நேரம் விடாமல் இருந்தால், பட்டியலை மறந்துவிடு. நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடு. எங்களை எழுப்பத் தயங்காதே.

நாளை காலை அழைத்துப் பேசிவிட்டு, கோப்பில் என்ன பாக்கி என்று எனக்குச் சொல்.

அப்பா